பெராக்சைடு – பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்: முதல் சில துளிகள் மட்டும் ஏன் தாமதிக்கின்றன?

கூம்புக்குடுவை

வணக்கம். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். காயங்களைக் கழுவப் பயன்படும் 20 பருமன் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலின் செறிவைப் பெர்மாங்கனேட்டைக் கொண்டு அளப்பது என் வழக்கமான வேலை. புட்டியிலிருந்து 10 மி.லி. எடுத்து 250 மி.லி.க்கு நீர்த்து, அதில் 25 மி.லி.யைக் குடுவையில் விட்டு, 50 மி.லி. 1 M கந்தக அமிலம் சேர்த்து, 0.02 M பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கிறேன்.

முதல் துளி விழுந்ததும் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகி, சுழற்றிக்கொண்டே இருந்தாலும் நிறம் உடனே போவதில்லை. முதன்முறை பார்ப்பவர் அதையே முடிவு நிலை என்று எண்ணிவிடக்கூடும். அந்தத் துளி மறைந்த பிறகு அடுத்தது சற்று விரைவாக மறைகிறது. ஒன்று அல்லது இரண்டு மி.லி. சென்றபின், பியூரெட்டைத் தாராளமாகத் திறந்துவிட்டாலும் விழுந்த இடத்திலேயே நிறம் அழிகிறது. வினை நடக்க நடக்கப் பெராக்சைடு குறைகிறது, அமிலமும் குறைகிறது. அப்படியானால் வேகமும் குறைய வேண்டும் அல்லவா? இங்கே நேர்மாறாக நடக்கிறது. மூத்தவர்களிடம் கேட்டால் "அது அப்படித்தான், பொறுமையாக விடு" என்ற பதில்தான் கிடைக்கிறது. காரணத்தை அறிய விரும்புகிறேன். தாமதமாகும் அந்தத் துளிகளால் என் அளவீட்டில் பிழை வருமா என்பதும் தெரிய வேண்டும்.

வெப்பமானி

இதற்கு எளிய விளக்கம் உண்டு. இது வெப்பத்தை வெளிவிடும் வினை. முதல் துளிகள் வினைபுரியும்போது கரைசல் சூடாகிறது. சூடு ஏறினால் வினை வேகமும் ஏறும். ஆக்சாலிக் அமிலத்தைத் தரம்பார்க்கும்போது நாமே சூடாக்குகிறோம். இங்கே வினை தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் குடுவையைச் சற்றுச் சூடாக்கிப் பாருங்கள், முதல் துளியும் விரைவாக மறையும்.

மாங்கனீசன்

சூடாக்கினால் வேகம் கூடும் என்பதும், இது வெப்ப உமிழ்வினை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் விளக்கம் நிற்காது. ஒரு மோல் பெர்மாங்கனேட் பெராக்சைடுடன் வினைபுரியும்போது ஏறத்தாழ 345 கிலோ ஜூல் வெளிவருகிறது. 0.02 M கரைசலில் 1 மி.லி. என்பது 20 மைக்ரோமோல். அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 7 ஜூல். குடுவையில் இருப்பதோ 75 மி.லி.க்கு மேற்பட்ட நீர்க்கரைசல். அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் உயரும். 35 மி.லி. முழுவதும் விட்டு முடித்தாலும் அரை டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. அரை நிமிடம் நின்ற நிறம் நொடிக்குள் மறைவதற்கு இது போதவே போதாது.

குடுவையைச் சூடாக்குமாறு சொன்ன யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் 60, 70 டிகிரி வெப்பத்தைத் தாங்கும். பெராக்சைடு சூட்டில் சிதைந்து ஆக்சிஜனாக வெளியேறும். போன பெராக்சைடு பியூரெட்டின் அளவில் வராது, எனவே செறிவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

காரணம் வினையின் விளைபொருளில் இருக்கிறது. முழு வினையை எழுதுகிறேன்:

```
2 MnO4-  +  5 H2O2  +  6 H+  →  2 Mn2+  +  5 O2  +  8 H2O
```

வலப்பக்கத்தில் தோன்றும் Mn2+ அயனிதான் இந்த வினையின் வினையூக்கி. முதல் துளி விழும்போது குடுவையில் அது ஏறக்குறைய இல்லை. பெர்மாங்கனேட்டும் பெராக்சைடும் நேருக்கு நேர் வினைபுரிவது மெதுவான வழி. அந்த மெதுவான வழியில் சிறிதளவு Mn2+ உண்டானதும், அடுத்து வரும் பெர்மாங்கனேட்டுக்கு வேறொரு விரைவான வழி திறக்கிறது. அந்த வழியில் மேலும் Mn2+ உண்டாகிறது, அது வேகத்தை இன்னும் கூட்டுகிறது. தன்வினையூக்கம் என்று நாம் படிப்பது இதைத்தான். உங்கள் குடுவையில் 1 மி.லி. விட்டு முடிக்கும்போது Mn2+ செறிவு ஏறத்தாழ 0.00026 M ஆகிவிடும். பெராக்சைடின் குறைவு அதுவரை நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டவில்லை. ஆகவே "வேகம் குறைய வேண்டுமே" என்று நீங்கள் கேட்ட காரணி மிகச் சிறியது. வினையூக்கியோ ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்கிப் பெருகுகிறது.

சாயப்பட்டறை

நானும் இதையே கேட்க நினைத்தேன். திருப்பூரில் பின்னலாடைத் துணியை வெளுக்கும் பிரிவில் வேலை. வெளுத்து முடித்த தொட்டி நீரில் எவ்வளவு பெராக்சைடு மிஞ்சியிருக்கிறது என்று பெர்மாங்கனேட்டால் பார்க்கிறோம். எங்களுக்கும் தாமதம்தான். ஆனால் தொடக்கத்தில் அல்ல, கடைசியில். இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டால், சற்று நேரத்தில் மறைகிறது. இன்னொரு துளி விட்டால் அதுவும் மெல்ல மறைகிறது. சில நாட்களில் குடுவை பழுப்பாகக் கலங்கிவிடுகிறது. மாங்கனீசு சல்பேட் போட்டால் சரியாகுமா?

மாங்கனீசன்

சாயப்பட்டறை நண்பருக்கு: நீங்கள் சொல்வது வேறு சிக்கல், மாங்கனீசு சல்பேட்டால் அது தீராது. வெளுக்கும் தொட்டியில் காஸ்டிக் சோடா இருப்பதால் மாதிரி காரத்தன்மை கொண்டது. நீங்கள் ஊற்றும் அமிலத்தின் ஒரு பகுதி அந்தக் காரத்தை நடுநிலையாக்கவே செலவாகிவிட்டால், பெர்மாங்கனேட் Mn2+ வரை ஒடுங்காமல் மாங்கனீசு டை ஆக்சைடு நிலையில் நின்றுவிடும். உங்கள் பழுப்புக் கலங்கல் அதுதான். அந்தத் துகள்கள் பெராக்சைடைச் சும்மா சிதைத்து ஆக்சிஜனாக்கும் திறன் கொண்டவை. குமிழ்கள் வழக்கத்தைவிட மும்முரமாக எழுந்தால் அந்த அளவீட்டைக் கைவிட்டுவிட்டு, புதிய மாதிரியில் அமிலத்தைக் கூட்டித் தொடங்குங்கள். பழுப்பான பிறகு அமிலத்தை ஊற்றினால் கலங்கல் தெளிந்துவிடும், ஆனால் அதற்குள் சிதைந்து போன பெராக்சைடு திரும்பாது.

முடிவில் நிறம் மெல்ல மறைந்துகொண்டே இருப்பதற்குக் காரணம், தொட்டி நீரில் கரைந்துள்ள ஈரமூட்டிகள், நிலைப்படுத்திகள், பஞ்சிலிருந்து வந்த கரிமப் பொருட்கள் ஆகியவையாக இருக்க வேண்டும். அவையும் பெர்மாங்கனேட்டை உண்ணும், ஆனால் நிதானமாக. அதனால் உங்களுக்குக் கிடைக்கும் அளவு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். இத்தகைய மாதிரிக்கு அயோடைடு முறை ஏற்றது: அமிலத்தில் பொட்டாசியம் அயோடைடும் சில துளி அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்து, வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட்டால் அளக்கலாம்.

சாயப்பட்டறை

அமிலத்தைக் கூட்டினால் பழுப்பு வருவதில்லை என்பதை இன்று பார்த்துவிட்டேன். எங்களிடம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் தாராளமாக இருக்கிறது. கந்தக அமிலத்துக்குப் பதிலாக அதை ஊற்றலாமா?

மாங்கனீசன்

கூடாது. பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும். அதற்குச் செலவாகும் பெர்மாங்கனேட்டையும் நீங்கள் பெராக்சைடின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நைட்ரிக் அமிலமும் வேண்டாம், அது தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

அளவி

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் வேதியியல் படிக்கிறேன். எங்கள் செய்முறையில் ஒட்சாலிக் அமிலத்தைப் பெர்மங்கனேற்றால் நியமிக்கும்போதும் இதே தாமதம் உண்டு. ஆசிரியர் Mn2+ தன்னூக்கி என்று சொல்லித்தந்தார். ஆனால் அதை நாம் நேரில் நிறுவியதில்லை. மாங்கனீசு சல்பேற்றைப் போட்டால் வேகம் கூடுகிறது என்பதால் மட்டும், கூட்டியது மாங்கனீசா சல்பேற்றா என்று எப்படிச் சொல்லமுடியும், ஐயா?

மாங்கனீசன்

நல்ல கேள்வி, தம்பி. ஆக்சாலிக் அமிலத்துடன் பெர்மாங்கனேட்டின் வேகத்தை 1866ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டில் ஹார்கோர்ட்டும் எஸ்ஸனும் அளந்தார்கள். மாங்கனீசு சல்பேட்டின் பங்கும் அவர்களுடைய ஆய்வில் இருக்கிறது. உங்கள் ஐயத்தைத் தீர்க்க ஓர் ஒப்பீட்டுக் குடுவை போதும்: ஒன்றில் சில துளி மாங்கனீசு சல்பேட், மற்றொன்றில் அதே அளவு மக்னீசியம் சல்பேட். சல்பேட் இரண்டிலும் பொது.

ஆனால் எனக்குப் பிடித்த சோதனைக்குத் தனியாக எந்த உப்பும் வேண்டாம். தரம்பார்த்து முடித்த குடுவையைக் கொட்டிவிடாமல் வைத்திருங்கள். அறை வெப்பநிலைக்கு வந்தபின், அதிலேயே இன்னொரு 25 மி.லி. பெராக்சைடு கரைசலை விட்டு, பெர்மாங்கனேட்டின் ஒரு துளியைச் சேருங்கள். இப்போது குடுவையில் அமிலம் முன்பைவிட நீர்த்திருக்கிறது, பெராக்சைடின் செறிவும் முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதிதான், வெப்பநிலையோ மாறவில்லை. வேகத்தைக் குறைக்கக்கூடியவை எல்லாம் கூடியிருக்கும்போதும் முதல் துளி உடனே மறைந்தால், முந்தைய வினை விட்டுச்சென்ற ஒன்றுதான் காரணம் என்று சொல்லலாம். எஞ்சியிருப்பவை ஆக்சிஜன், பொட்டாசியம் அயனி, நீர், Mn2+ மட்டுமே.

கூம்புக்குடுவை

இன்று மதியம் வேலை குறைவாக இருந்ததால் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எதுவும் சேர்க்காத குடுவையில் முதல் துளி வழக்கம்போல் இழுத்தடித்தது. மக்னீசியம் சல்பேட் சேர்த்த குடுவையிலும் அப்படியே. வேறுபாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. மாங்கனீசு சல்பேட் சேர்த்ததில் துளி விழுந்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நிறம் போய்விட்டது. முடித்துவைத்த பழைய குடுவையிலும் முதல் துளியே உடனே மறைந்தது.

அளவுகளையும் ஒப்பிட்டேன். எதுவும் சேர்க்காமல் 34.20 மி.லி., மாங்கனீசு சல்பேட் சேர்த்து 34.15 மி.லி. இந்த வேறுபாடு ஒரு துளி அளவுதான். 1 மி.லி. 0.02 M பெர்மாங்கனேட் 1.701 மி.கி. பெராக்சைடுக்கு நிகர் என்பதால், 34.20 மி.லி. 58.2 மி.கி. ஆகிறது. அது 250 மி.லி.யில் பத்தில் ஒரு பங்குக்கு உரியது. எனவே நான் எடுத்த 10 மி.லி.யில் 582 மி.கி., அதாவது 100 மி.லி.க்கு 5.82 கிராம். பருமன் கணக்கில் ஏறத்தாழ 19.2. அப்படியானால் தொடக்கத் தாமதத்தால் பிழை வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாங்கனீசன்

நீங்கள் காத்திருந்ததால் பிழை வரவில்லை. வினையூக்கி வினை நடக்கும் வழியை மாற்றுகிறது; எத்தனை பெர்மாங்கனேட்டுக்கு எத்தனை பெராக்சைடு என்ற விகிதத்தை மாற்றுவதில்லை. எனவே இரு அளவுகளும் ஒத்துவருவதுதான் முறை. பொறுமையில்லாமல் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று மி.லி.யைச் சேர்ந்தாற்போல் விட்டிருந்தால் நிலைமை வேறு. மெதுவான கட்டத்தில் பெர்மாங்கனேட் குவிந்து நிற்கும். அப்போது பழுப்பு டை ஆக்சைடு தோன்ற வாய்ப்பு உண்டு. போதிய அமிலத்தில் அந்தப் பழுப்பு உடனே கரைந்துவிட்டால் கணக்கு கெடாது, ஏனெனில் அதுவும் பெராக்சைடை ஆக்சிஜனேற்றித்தான் Mn2+ ஆகிறது. அது நின்று, பெராக்சைடைச் சிதைக்கத் தொடங்கினால்தான் நட்டம். ஆகவே முதல் துளியை விட்டு, நிறம் முற்றிலும் மறையும்வரை சுழற்றி, பிறகே அடுத்த துளியை விடுவது நல்ல பழக்கம்.

மாங்கனீசு சல்பேட்டை வழக்கமாகச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பெராக்சைடு இல்லாமல் அமிலமும் அந்த உப்பும் மட்டும் கொண்ட வெற்றுக் குடுவையில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிலைத்து நின்றால் உப்பு தூயது.

எதிர்க்கேள்வி

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. Mn2+ நேராகப் பெராக்சைடைத் தாக்குவதில்லை. அது பெர்மாங்கனேட்டுடன் வினைபுரிந்து இடைப்பட்ட நிலையிலுள்ள மாங்கனீசை, குறிப்பாக மாங்கனீசு(III)ஐ உண்டாக்குகிறது, அதுதான் பெராக்சைடை விரைவாகத் தாக்குகிறது என்பது நான் படித்த விளக்கம். சரி. ஆனால் முடிவு நிலையை எண்ணிப் பாருங்கள். அப்போது குடுவையில் Mn2+ அதன் உச்ச அளவில் இருக்கிறது. அதில் ஒரு துளி கூடுதல் பெர்மாங்கனேட் விழுகிறது. Mn2+உம் பெர்மாங்கனேட்டும் அத்தனை விரைவாக வினைபுரியும் என்றால், அந்த இளஞ்சிவப்பு நொடியில் அழிய வேண்டும். ஆனால் அது அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. அதனால்தான் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலே சாத்தியமாகிறது. ஒரே இணை எப்படி தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் இருக்க முடியும்?

வெப்பமானி

முடிவில் பெர்மாங்கனேட்டின் செறிவு மிகக் குறைவு, ஒரு துளிதானே. அதனால் மெதுவாக இருக்கலாம்.

எதிர்க்கேள்வி

மாங்கனீசு சல்பேட் சேர்த்த குடுவையில் விழுந்த முதல் துளியும் ஒரு துளிதான். அங்கே உடனே மறைந்ததாகக் கூம்புக்குடுவை எழுதியிருக்கிறார். இரு இடத்திலும் ஒரு துளி, இரு இடத்திலும் Mn2+ உண்டு.

மாங்கனீசன்

எதிர்க்கேள்வி அவர்கள் கூர்மையாகப் பிடித்துவிட்டார். இரு இடத்துக்கும் இடையிலுள்ள ஒரே பெரிய வேறுபாடு, ஓரிடத்தில் பெராக்சைடு இருக்கிறது, மற்றதில் தீர்ந்துவிட்டது என்பதே. விடையும் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பெர்மாங்கனேட்டும் Mn2+உம் சந்தித்து இடைநிலை மாங்கனீசை உண்டாக்கும் முதல் படி மீளக்கூடியது. அமிலத்தில் அது முன்னோக்கிச் செல்வதைவிடப் பின்னோக்கித் திரும்பவே விரும்பும். பெராக்சைடு அருகில் இருந்தால், உண்டான மாங்கனீசு(III)ஐ அது திரும்பவிடாமல் உடனே பறித்துக்கொள்கிறது. மாங்கனீசு(III) தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை எளிதில் விட்டுக்கொடுத்துப் பெராக்சைடைப் பற்றிக்கொள்ளும். மாற்றவேண்டியதும் ஓர் எலக்ட்ரான்தான். நான்கு ஆக்சிஜன்களால் சூழப்பட்டு, ஐந்து எலக்ட்ரான்களைப் பெறவேண்டிய பெர்மாங்கனேட்டுக்கு அந்த வசதி இல்லை. இவ்வாறு இடைநிலை தொடர்ந்து அகற்றப்படுவதால் முழு வினையும் முன்னோக்கி ஓடுகிறது.

பெராக்சைடு தீர்ந்தபின் பறிப்பதற்கு யாருமில்லை. இடைநிலை மாங்கனீசு பெரும்பாலும் வந்த வழியே திரும்புகிறது. எஞ்சும் வழி, அது மெல்ல மாங்கனீசு டை ஆக்சைடாக மாறுவது மட்டுமே. முடிவு நிலையின் இளஞ்சிவப்பு நிரந்தரமாக நிற்பதில்லை என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; முடித்த குடுவையை நெடுநேரம் வைத்திருந்தால் அது மங்குகிறது. அதே இணைதான் அங்கும் வேலை செய்கிறது, மிக மெதுவாக. அரை நிமிடம் நிறம் நின்றால் போதும் என்று செய்முறைகள் வரையறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்க்கேள்வி

இது என் கேள்விக்குப் பெருமளவு விடையளிக்கிறது. ஆனால் மாங்கனீசு(III) மட்டுமே விரைவான வழி என்பதை இந்தச் சோதனைகள் எதுவும் காட்டவில்லை. பெராக்சைடு ஓர் எலக்ட்ரானை இழந்தால் HO2 என்ற தனி உறுப்பு உண்டாகும். அது Mn2+உடனும் பெர்மாங்கனேட்டுடனும் விரைந்து வினைபுரியக்கூடியது. வேகத்தைக் கூட்டுவதில் அதன் பங்கு எவ்வளவு என்பதைக் குடுவையின் நிறத்தைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது.

மாங்கனீசன்

ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சோதனைகள் வினையூக்கி எது என்று காட்டுகின்றன. அதன் உள்வழியின் ஒவ்வொரு படியையும் காட்டவில்லை. ஆக்சாலிக் அமிலத்தில் மாங்கனீசு(III) அணைவுகளைத் தெளிவாகக் காணலாம். பெராக்சைடில் இடைநிலைகள் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. நிறமானி வைத்திருப்பவர் 525 நானோமீட்டரில், பெராக்சைடு மிகையாக உள்ள கரைசலில் பெர்மாங்கனேட்டை ஒரேயடியாகக் கலந்து, உட்கவர்தல் குறைவதைக் காலத்துக்கு எதிராக வரையலாம். முதலில் தட்டையாக நின்று, பிறகு செங்குத்தாக வீழ்ந்து, முடிவில் மீண்டும் தட்டையாகும் வரைவு தன்வினையூக்கத்தைக் காட்டும். HO2இன் பங்கைப் பிரித்தறிய அதுவும் போதாது.

அளவி

எனக்கு இன்னும் ஓர் ஐயம். முதல் Mn2+ எங்கிருந்து வருகிறது? மெதுவான நேரடி வினையிலிருந்து மட்டும்தானா?

மாங்கனீசன்

நேரடி வினை ஒரு வழி. மற்றொன்று உங்கள் பெர்மாங்கனேட் கரைசலிலேயே இருக்கலாம். வைத்திருந்த கரைசலில் சிறிதளவு மாங்கனீசு டை ஆக்சைடு நுண்துகள்களாக மிதக்கும். அமிலத்தில் பெராக்சைடு அதை விரைவாக Mn2+ ஆக்கிவிடும். அப்படியானால் வடிகட்டாத பழைய கரைசலில் முதல் துளியின் தாமதம் குறைவாகவும், புதிதாக வடிகட்டியதில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். வடிகட்டுவதற்குத் தாளைப் பயன்படுத்தக் கூடாது, தாளே பெர்மாங்கனேட்டை ஒடுக்கி மேலும் டை ஆக்சைடை உண்டாக்கும். நுண்துளைக் கண்ணாடி வடிகட்டி வேண்டும்.

கூம்புக்குடுவை

எங்களிடம் கண்ணாடி வடிகட்டி இருக்கிறது. அடியில் பழுப்புப் படிந்த பழைய புட்டி ஒன்றும் கொட்டப்படாமல் கிடக்கிறது. ஒரே புட்டியின் கரைசலில் ஒரு பகுதியை வடிகட்டியும் மற்றொரு பகுதியைக் குலுக்கி அப்படியேயும் இரண்டு பியூரெட்டுகளில் நிரப்பி, முதல் துளி மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து இங்கே எழுதுகிறேன். பெராக்சைடையும் அமிலத்தையும் ஒரே கலவையிலிருந்தே இரு குடுவைகளுக்கும் எடுப்பேன்.

எதிர்க்கேள்வி

குடுவைகளை முதலில் அமிலமும் பெராக்சைடும் கலந்த நீரால் அலசி, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். பழைய தரம்பார்த்தல்களின் பழுப்புக் கறை கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால், இரண்டு குடுவைகளிலும் அதுவே முதல் Mn2+ஐக் கொடுத்துவிடும், நீங்கள் தேடும் வேறுபாடு தெரியாமலே போகும்.